டயலிசிஸ் நோயாளியின் தண்ணீர்க் கணக்கு

வணக்கம் நேயர்களே. கொழும்பில் டயலிசிஸ் பிரிவுகளில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள் நான். சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். பேச நிறைய இருக்கிறது. என் மனதை விட்டு அகலாத விஷயம் ஒன்றுதான்: தண்ணீர். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம், ஏன் அவ்வளவுதான், அதைக் கடைப்பிடிப்பது ஏன் இத்தனை கஷ்டம். வீட்டில் யாராவது டயலிசிஸ் செய்துகொண்டிருந்தால் அவரையும் வானொலிக்குப் பக்கத்தில் கூப்பிடுங்கள். அந்த வீட்டில் சமைப்பவரை கட்டாயம் கூப்பிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டயலிசிஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஹீமோடயலிசிஸ். இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திருப்பி உள்ளே விடுவது. மற்றது பெரிட்டோனியல் டயலிசிஸ். வயிற்றுக்குள் ஒரு திரவத்தை விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, வெளியே வடிப்பது. தேயிலைப் பையை வெந்நீரில் போட்டால் தூள் பைக்குள்ளேயே இருக்கும், சாயம் மட்டும் வெளியே வரும் அல்லவா? இரண்டு முறையிலும் கழிவு வெளியேறுவது அப்படித்தான். ஹீமோடயலிசிஸில் அந்தப் பையின் வேலையைச் செய்வது, தலைமயிர் போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் அடங்கிய ஒரு வடிகட்டி. பெரிட்டோனியல் முறையில் அதைச் செய்வது நம் குடலைச் சுற்றி இயற்கையாகவே இருக்கும் மெல்லிய சவ்வு.

சரி, கழிவு போகிறது. தண்ணீர் எப்படிப் போகிறது? இங்கேதான் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம்.

ஹீமோடயலிசிஸுக்குக் கிழமைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம் என்பதுதான் பொதுவான முறை. நம் நாட்டில் பலருக்கு இரண்டு தடவைதான் கிடைக்கிறது. அப்படியென்றால் மூன்று, நாலு நாள் உடம்பில் சேர்ந்த தண்ணீரை நாலு மணித்தியாலத்தில் இழுத்து எடுக்க வேண்டும். இயந்திரத்தில் எண்ணைத் தட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கும், ஆனால் உடம்பு தாங்காது. ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் இழுத்தால் இதயத்துக்கு ஆபத்து என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. இந்த 13ஐ மட்டும் நினைவில் வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். செவ்வாயும் சனியும் டயலிசிஸ். அவருடைய உலர் எடை 60 கிலோ. உடம்பில் மேலதிகத் தண்ணீர் ஒன்றும் இல்லாமல், கால் வீங்காமல், பிரஷர் சீராக இருக்கும்போது உள்ள எடையைத்தான் உலர் எடை என்போம். ஒவ்வொரு தடவையும் அந்த எடைக்கு இறக்கி அனுப்புவதுதான் எங்கள் இலக்கு. அவருக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிலீற்றர் அளவுக்கு இன்னும் சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. எனவே அவருக்கான தண்ணீர் அளவு 700 மில்லிலீற்றர். இந்தக் கணக்கைப் பலர் கேட்பதுண்டு: முதல் நாள் போன சிறுநீரின் அளவு, அதோடு ஒரு 500. மூச்சிலும் தோலிலும் நம்மை அறியாமல் போகும் நீருக்காகத்தான் அந்த 500. உணவிலும் நீர் இருப்பதால், இதைச் சரியாகக் கடைப்பிடித்தாலும் நாளுக்கு அரைக் கிலோவோ அதற்குச் சற்று மேலோ எடை ஏறும். அதில் பிழையில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் தராசில் ஏறுகிறார். 64.2 கிலோ. மூன்று நாளில் 4.2 கிலோ ஏறியிருக்கிறது. மூன்று நாளில் கொழுப்போ தசையோ இப்படி ஏறாது. ஏறியது தண்ணீர், ஒரு கிலோ என்றால் ஒரு லீற்றர். கால் வீங்கியிருந்தது. இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். படுக்க முடியாத மூச்சுமுட்டல் என்றால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் அடுத்த முறை நாள் வரும்வரை காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 780 மில்லிலீற்றர். நாலு மணித்தியாலத்துக்கு மூன்று லீற்றரும் கொஞ்சமும். அவரிடம் இருப்பதோ 4.2. ஒரு லீற்றருக்கு மேல் எடுக்க முடியாமல் மிஞ்சுகிறது. அதையும் எடுக்கப் பார்த்தால் மூன்றாம் மணித்தியாலம் அளவில் கொட்டாவி வரும், வியர்க்கும், கெண்டைக்கால் குரக்கை பிடிக்கும், பிரஷர் சரேலென்று இறங்கும். பிறகு நாங்கள் கால்மாட்டை உயர்த்தி, சேலைன் ஏற்ற வேண்டும். எடுத்த தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதுபோல்தான் அது. எடுக்காமல் விட்டாலோ மிச்சத்தை உடம்பில் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

"அண்ணை, 700தானே சொன்னது?" என்று கேட்டேன்.

"மிஸ், சத்தியமா அந்தப் போத்தல் தண்ணியைத் தவிர வேற குடிக்கேல்லை," என்றார்.

மனைவி பக்கத்தில் நின்றார். அவரோடு உட்கார்ந்து மூன்று நாள் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டேன். போத்தல் உண்மைதான். ஆனால் காலையில் கஞ்சி, இரவில் இடியப்பத்துக்குச் சொதி, கடையில் பால் சரியா என்று பார்க்க ஒரு வாய் தேத்தண்ணி, தாகத்துக்கு ஐஸ் கட்டி, வத்தகப்பழம். எல்லாம் தண்ணீர்தான். அறை வெப்பத்தில் திரவமாகும் எதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். ஐஸ் கட்டியும் சேரும், ஐஸ்கிறீமும் சேரும்.

ஆனால் நான் தேடியது அதையல்ல. இத்தனை தாகம் ஏன் வந்தது என்பதைத்தான். அதற்கான பதில் மதியச் சாப்பாட்டில் இருந்தது. கருவாட்டுக் குழம்பு, மாசிச் சம்பல், அச்சாறு, பப்படம், பின்னேரம் கடை ரோல்ஸ், இரவில் சோஸ் விட்ட கொத்து. கூட்டிப் பார்த்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட 12 கிராம் உப்பு. மூன்று நாளுக்கு 36 கிராம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நான் இங்கே வந்ததே இதற்காகத்தான். நம் உடம்பு தன் உப்புச் செறிவை மாற விடாது. ஒரு லீற்றர் உடல்நீருக்கு எட்டு கிராமும் சொச்சமும் உப்பு என்ற அளவில் அது நிற்கும். வேலை செய்யாத சிறுநீரகத்தால் மேலதிக உப்பை வெளியேற்ற முடியாது. எனவே எட்டு கிராம் உப்பு உள்ளே போனால், அதற்கு ஈடாக ஒரு லீற்றர் தண்ணீர் சேரும்வரை மூளை தாகத்தை நிறுத்தாது. 36 கிராமுக்கு எத்தனை லீற்றர்? நாலும் கொஞ்சமும். அவர் தராசில் காட்டியது 4.2!

ஆகவே உப்பைக் குறைக்காமல் "தண்ணி குடிக்காதே, தண்ணி குடிக்காதே" என்று ஒரு நோயாளியைத் திட்டுவது அநியாயம். அவருக்கு இருப்பது பொறுமைக் குறைவு அல்ல, அவர் சட்டியில் விழுந்த உப்பு. சமைப்பவரை வானொலிக்குப் பக்கத்தில் கூப்பிடச் சொன்னது இதற்குத்தான். முழு நாளுக்கும், எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து, 5 கிராம் உப்புதான். அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். கறி வேகும்போது போடாமல் இறக்கிய பிறகு அவருடைய பங்குக்கு மட்டும் அளந்து போடுங்கள். தேசிக்காய்ப் புளி, மிளகு, இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலை தாராளமாகப் போடுங்கள். முதல் இரண்டு கிழமை சப்பென்றிருக்கும். பிறகு நாக்கு பழகிவிடும், பழைய சாப்பாடு கரிக்கும்.

அந்த அண்ணையின் மனைவி அதைச் செய்தார். கருவாடும் அச்சாறும் வீட்டை விட்டுப் போயின. கடைச் சாப்பாடு நின்றது. சில கிழமைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவர் 62.2 கிலோவில் வந்தார். 2.2 லீற்றரை நாலு மணித்தியாலத்தில் எடுப்பது மணிக்கு 550. குரக்கை இல்லை, மயக்கம் இல்லை. அன்றைக்கு முழு நேரமும் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. காலையில் அன்றைய அளவை ஒரு போத்தலில் நிரப்பிக்கொள்ளுங்கள். தேத்தண்ணி, கஞ்சி, சொதி எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து ஊற்றிவிடுங்கள். போத்தல் வெறுமையானால் அன்றைய கணக்கு முடிந்தது. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு விழுங்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுக்கொண்டால் அதற்கென்று தனித் தண்ணீர் வேண்டியதில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். நீரிழிவு உள்ளவர்கள் சீனி அளவையும் பாருங்கள், சீனி ஏறினாலும் தாகம் அடங்காது. கொழும்பு வெயிலில் வியர்க்கிறதே என்று அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள், தராசு சொல்லும்.

இப்போது பெரிட்டோனியல் முறைக்கு வருகிறேன். நேரம் ஓடிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் நிரந்தரமாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு லீற்றர் பை, நாளுக்கு நாலு தடவை, வீட்டிலேயே. அந்தத் திரவத்தில் உள்ள குளுக்கோஸ்தான் தண்ணீரை இழுக்கிறது. 2,000 மில்லிலீற்றர் உள்ளே விட்டு 2,300 வெளியே வந்தால், 300 உடம்பிலிருந்து போயிருக்கிறது. இப்படி நாள் முழுக்க மெல்ல மெல்லப் போவதால் இதயத்துக்கு அந்தத் திடீர் இழுப்பு இல்லை, மிச்சம் இருக்கும் சிறுநீரும் பெரும்பாலும் கூடுதல் காலம் நிலைக்கும். குடிக்கும் அளவும் பொதுவாகக் கொஞ்சம் தாராளம்தான். ஆனால் உப்புக் கணக்கு மாறாது. உப்பைக் கூட்டினால் குளுக்கோஸ் செறிவு கூடிய பை தேவைப்படும், அதில் சீனியும் உடம்புக்குள் ஏறும்.

இதில் பயப்பட வேண்டியது தொற்று. வடித்த பையைப் பத்திரிகையின் மேல் வையுங்கள். எழுத்தை வாசிக்க முடியாமல் கலங்கியிருந்தால், வயிற்று வலி இல்லாவிட்டாலும், அந்தப் பையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எந்த முறை யாருக்கு என்பதைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன், நேரமில்லை என்று சைகை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் மட்டும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்க வேண்டாம். அதில் உள்ளது பொட்டாசியம், டயலிசிஸ் நோயாளியின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். செவ்விளநீரும் அதே காரணத்துக்காக வேண்டாம். அடுத்தது, காமரங்காய் ஒரு துண்டுகூடக் கூடாது. தெரியாமல் சாப்பிட்டு, நிற்காத விக்கலோ மனக்குழப்பமோ வந்தால், சாப்பிட்டதைச் சொல்லி அப்போதே டயலிசிஸ் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வணக்கம்.