நாற்பதாவது நாளில் வந்த அப்பா

நண்பர்களே, வணக்கம். பொதுமக்களுக்கான இணையப் பக்கங்களைத் தமிழில் எழுதப் போகிற உங்களிடம் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்வது எப்படி என்று சொல்லும் பக்கம் அது. அதை நான் மூன்று தடவை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் எங்கே தவறினேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் கைக்கு வந்த வாக்கியத்தைக் கேளுங்கள். மெதுவாகவே படிக்கிறேன்.

"பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி, ஒரு குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் அக்குழந்தையின் பிறப்பானது கட்டணமின்றிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும், அவ்வாறு பதிவு செய்யத் தவறும் பட்சத்தில் 30 நாட்களுக்குள் தாமதக் கட்டணம் செலுத்தியும், அதற்குப் பின் ஓராண்டுக்குள் உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றும், ஓராண்டிற்கு மேற்பட்ட நேர்வுகளில் உரிய நடுவரின் ஆணை பெற்றும் பதிவு செய்து கொள்ளலாம் என்பதும் பொதுமக்களின் கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது."

ஏறக்குறைய ஐம்பது சொற்கள், ஒரே ஒரு முற்றுப்புள்ளி. இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் போனில் இது திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. தெரிந்த ஓர் இளைஞரிடம் போனைக் கொடுத்து, "உங்கள் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். அவர் விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் "தாமதக் கட்டணம் கட்ட வேண்டும்" என்றார். பதில் தவறு. நாற்பது நாள் என்றால் முப்பது நாள் வரம்பு தாண்டிவிட்டது. கட்டணம் மட்டும் போதாது, எழுத்து அனுமதியும் வேண்டும். அவர் கண்ணில் பட்டது "தாமதக் கட்டணம்" என்ற இரண்டு சொற்கள்தான். அதற்கு முன்னால் இருந்த "30 நாட்களுக்குள்" என்பதை அவர் தாண்டிப் போய்விட்டார்.

அவர் மேல் குறை சொல்ல முடியாது. திரையில் எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம். இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் 1997-இல் நடத்திய ஆய்வில், புதிய பக்கம் ஒன்றைத் திறந்தவர்களில் 79 சதவீதம் பேர் அதை மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம் பேர். பிறகு 2006-இல் நீல்சன் குழு, கண் திரையில் எங்கே நிற்கிறது என்று கருவியால் பதிவு செய்து பார்த்தது. மேல் வரியைக் கண் கொஞ்ச தூரம் வலப்பக்கம் படிக்கிறது. சற்றுக் கீழே வந்து, அதைவிடக் குறைந்த தூரம் படிக்கிறது. அப்புறம் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. அந்தத் தடத்தைப் பார்த்தால் ஆங்கில F எழுத்துப் போல இருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, "சரி, மனிதர்கள் F வடிவத்தில் படிக்கிறார்கள், அதற்கேற்ப எழுதுவோம்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான புரிதல். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத பக்கத்தில்தான் கண் அப்படி அலைகிறது. நல்ல தலைப்புகள் இருந்தால் கண் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறது, தனக்கு வேண்டியது வந்ததும் அந்தத் தலைப்பின் கீழ் நின்று நிதானமாகப் படிக்கிறது. நாம் எழுத வேண்டியது அந்தத் தாவலுக்காக.

இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். செய்யலாமா கூடாதா, வேண்டுமா வேண்டாமா என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். நடுவில் "செய்து", "பெற்று", "செலுத்தி" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், மொழி அதற்கு இடம் கொடுக்கிறது. காதால் கேட்கும்போது அது அழகு. குரல் ஏறி இறங்கி வழிகாட்டும், முடிவுக்காகக் காத்திருப்போம். திரையில் இடது ஓரத்தைப் பிடித்து இறங்குகிற கண் காத்திருக்காது. ஆகவே வாக்கியத்தைச் சின்னதாக்குவது தமிழில் மிக அவசியம். வாக்கியம் ஏழெட்டுச் சொற்களில் முடிந்தால் வினைமுற்றும் பக்கத்திலேயே வந்துவிடும், அவ்வளவுதான் ரகசியம்.

முதல் திருத்தத்தில் நான் பத்தியைப் பிரித்தேன், தலைப்புகளைப் போட்டேன். "பிறப்பைப் பதிவு செய்வதற்கான காலவரம்பு", "பிறப்பைப் பதிவு செய்வதில் தாமதம்", "பிறப்பைப் பதிவு செய்வதில் ஓராண்டுக்கு மேற்பட்ட தாமதம்" என்று மூன்று தலைப்புகள். எனக்குத் திருப்தியாகவே இருந்தது. ஆனால் போனில் பார்த்தபோது மூன்றும் ஒரே முகத்தோடு நின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் தலைப்பின் முதல் வரியில் இரண்டு மூன்று சொற்கள்தான் கொள்ளும். அந்த முதல் வரி மூன்று தலைப்பிலும் "பிறப்பைப் பதிவு" என்றே இருந்தது. எது வேறுபடுகிறதோ அது இரண்டாவது வரிக்குப் போய்விட்டது. அந்த இளைஞர் மறுபடியும் தடுமாறினார்.

இரண்டாவது தடவை, தலைப்புகளை இப்படி மாற்றினேன்:

"21 நாளுக்குள்: கட்டணம் இல்லை"
"22 முதல் 30 நாள்: தாமதக் கட்டணம் உண்டு"
"30 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள்: எழுத்து அனுமதியும் வேண்டும்"
"ஓராண்டுக்கு மேல்: கோட்டாட்சியர் ஆணை வேண்டும்"

படிப்பவருக்குத் தன் குழந்தை பிறந்து எத்தனை நாள் என்பது நன்றாகத் தெரியும். ஆகவே அந்த எண்ணையே முதலில் வைத்தேன். விடையும் தலைப்பிலேயே இருக்கிறது. கீழே உள்ள பத்தியைப் படிக்காமல் போனாலும் பாதி விஷயம் கைக்கு வந்துவிடும். "நடுவர்" என்ற சட்டச் சொல்லையும் எடுத்துவிட்டேன். நம் ஊரில் நடுவர் என்றால் பட்டிமன்ற நடுவரும் கிரிக்கெட் நடுவரும்தான் நினைவுக்கு வருவார்கள். உட்கோட்ட நடுவராக இருப்பவர் கோட்டாட்சியர்தான், மக்கள் போய் நிற்கிற அலுவலகத்தின் பெயரும் அதுதான். சட்டம் சொல்கிற மற்ற அலுவலர்களை அந்தத் தலைப்பின் கீழே பத்தியில் எழுதினேன். எளிமைக்காகத் தகவலை விட்டுவிடக் கூடாது, இடம் மாற்றினால் போதும்.

இதே இடத்தில் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். "மேற்கண்டவாறு", "அவ்வாறு", "அதற்குப் பின்" என்று எழுதுவது நமக்குக் கை வந்த பழக்கம். வரிசையாகப் படிப்பவருக்கு அது பொருந்தும். தாவி வந்து நான்காவது தலைப்பில் இறங்கியவருக்கு "மேற்கண்ட ஆவணங்கள்" என்றால் எந்த ஆவணங்கள்? அவர் மேலே தேடிப் போவார், வழி தவறுவார். ஆகவே அந்தந்தத் தலைப்பின் கீழே ஆவணத்தின் பெயரைத் திரும்ப எழுதினேன். திரும்பச் சொல்வது கட்டுரையில் குறையாகத் தெரியலாம். இந்த மாதிரிப் பக்கத்தில் அது படிப்பவருக்குச் செய்கிற உதவி.

தலைப்பு என்றதும் சிலர் எழுத்தைத் தடிமனாக்கி விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு அது தலைப்புப் போலத் தெரியும். ஆனால் பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளாது. NVDA போன்ற மென்பொருளில் H விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். அவர்கள் மேலோட்டமாகப் பார்ப்பது அப்படித்தான். தடித்த எழுத்து மட்டும் இருந்தால் அந்த விசைக்கு அங்கே நிற்க இடமே இல்லை. முதல் வரி தவறு, இரண்டாவது சரி:

```html
<p><b>21 நாளுக்குள்: கட்டணம் இல்லை</b></p>
<h2>21 நாளுக்குள்: கட்டணம் இல்லை</h2>
```

அப்புறம் பத்தி. கணினியில் நான்கு வரியாகத் தெரிகிற பத்தி போனில் பத்துப் பன்னிரண்டு வரியாக நீளும். ஆகவே நான் போனில்தான் அளந்து பார்ப்பேன். ஒரு பத்தி பாதித் திரையைத் தாண்டினால் பிரிக்க இடம் தேடுவேன். ஆனால் இதிலும் எல்லை உண்டு. ஆர்வத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிப் பத்தியாக்கினேன். அப்போது "பிறப்பை வீட்டார் தெரிவிக்க வேண்டும்" ஒரு பத்தி, "மருத்துவமனையில் பிறந்திருந்தால் பிறப்பைத் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு" இன்னொரு பத்தி என்று ஆயிற்று. எது எதற்கு நிபந்தனை என்பதே தெரியவில்லை. ஒரு விதியும் அதன் விலக்கும் பிரியக் கூடாது. அவை ஒரே பத்தியில் இருக்க வேண்டும், பத்தி கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை. பத்தியை இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி அமைப்பதையும் விட்டுவிட்டேன். நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே சின்னத் திரையில் பெரிய பெரிய இடைவெளி விழுகிறது, கண் அதில் தடுக்குகிறது.

இவ்வளவும் செய்த பிறகு நான்கைந்து பேரிடம் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நாற்பது நாள் கேள்வியைக் கேட்டேன், அவர்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து கீழே ஒரே போக்காக இறங்கி ஓர் இடத்தில் நின்றால் பக்கம் வேலை செய்கிறது. கீழே போன விரல் மறுபடி மேலே வந்தால், எங்கிருந்து திரும்பியதோ அங்கே ஒரு தலைப்பு பொய் சொல்கிறது.

எல்லோரும் சரியான விடை சொன்னார்கள். ஆனால் ஓர் அம்மா விடை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "இன்னும் பெயர் வைக்கவில்லையே, பெயர் இல்லாமல் எப்படிப் பதிவது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பெயர் சூட்டுவதை நாள் பார்த்துத் தள்ளிப் போடும் வீடுகள் நம்மிடம் எத்தனையோ. பெயர் முடிவாகட்டும் என்று காத்திருந்தே பலர் 21 நாளைத் தாண்டுகிறார்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இந்தத் தகவல் பக்கத்தில் இருந்தது. கடைசியில், "இதர விவரங்கள்" என்ற தலைப்பின் கீழே, மூன்றாவது பத்தியில்.

"இதர விவரங்கள்" என்று தலைப்பு வைப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று நானே யோசிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. மூன்றாவது திருத்தத்தில் அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டேன். 21 நாள் தலைப்புக்கும் மேலே, பக்கத்தின் முதல் தலைப்பாக இதை வைத்தேன்: "பெயர் வைக்கவில்லையா? இப்போதே பதியலாம்."

உங்கள் போனை எடுங்கள். நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் அவர் விரலைப் பாருங்கள்.