ஒரு கால் மட்டும் வளையுது, ஏ.எல்.பி. 640: ஊசி போட்டா நிமிருமா?

கேள்வி: "அப்பாவுக்கு 71 வயசு. வலது கால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமா வில்லு மாதிரி வளைஞ்சிட்டு வருது, தொட்டா சூடா இருக்கு, ராத்திரியில வலி. ரத்தத்துல ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், அதாவது ஏ.எல்.பி., 640. லிவர் ஸ்கேன் நார்மல். பேஜட் நோய்னு சொல்லி ஒரு ஊசி போடணும்ங்கறாங்க. ஊசி போட்டா கால் நிமிருமா?"

நிமிராதுங்க. வளைஞ்ச எலும்பை எந்த மருந்தும் நேராக்காது. ராத்திரி வலியையும் அந்தச் சூட்டையும் இந்த ஊசி நல்லாவே குறைக்கும். ஆனா போடுறதுக்கு முன்னாடி சில விஷயங்களை உறுதிப்படுத்தணும்.

நம்ம எல்லார் எலும்பும் தினமும் கொஞ்சம் கரைஞ்சு, கரைஞ்ச இடத்துல புதுசு உருவாகிட்டேதான் இருக்கும். கரைக்கிற செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட்னு பேரு, கட்டுற செல்லுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட். பேஜட் நோய்ல ஒரு குறிப்பிட்ட எலும்புல மட்டும் கரைக்கிற செல்கள் பெருசாகி, வெறி பிடிச்ச மாதிரி கரைக்கும். அதுக்கு ஈடு கொடுக்க கட்டுற செல்களும் அவசர அவசரமா கட்டும். கூரைக்கு ஓலையை வரிசையா அடுக்கி வேயாம, அள்ளிப் போட்டு மூடினா எப்படி இருக்கும்? அந்த மாதிரி எலும்பு அது. பார்க்கத் தடிமனா இருக்கும், பலம் இருக்காது. உடம்போட பாரம் ஏற ஏற வளையும். ரத்த ஓட்டம் அங்கே அதிகமா இருக்கறதாலதான் தொட்டா சூடு தெரியுது. அந்த 640ங்கறது, கட்டுற செல்கள் எவ்வளவு மும்முரமா வேலை செய்யுதுங்கறதுக்கான அளவு. பெரும்பாலான லேப்ல மேல்வரம்பு 120, 130 கிட்ட இருக்கும். அப்போ அப்பாவுக்கு அஞ்சு மடங்கு.

ஏ.எல்.பி. லிவர்ல இருந்தும் வரும். ஸ்கேன் நார்மல்னு மட்டும் வெச்சு லிவர் காரணம் இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க. ஜி.ஜி.டி.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. அது நார்மலா இருந்தா, ஏ.எல்.பி. எலும்புல இருந்துதான் வருதுன்னு தைரியமா சொல்லலாம்.

அடுத்து ரொம்ப முக்கியமான ஒண்ணு. பேஜட் நோய் பிரிட்டன்ல அதிகம். 1877-ல இதை விவரமா எழுதின ஜேம்ஸ் பேஜட்டும் லண்டன் சர்ஜன்தான். நம்ம பக்கம் இது அபூர்வம். நம்ம ஊர்ல வயசானவங்களுக்கு எலும்புல இருந்து ஏ.எல்.பி. ஏறினா, முதல்ல நினைக்க வேண்டியது வைட்டமின் டி குறைஞ்சு எலும்பு மென்மையாகிற ஆஸ்டியோமலேசியா. அதுல பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வலிக்கும், தொடை தளர்ந்து படி ஏற முடியாது, பாஸ்பேட் குறையும், பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். பேஜட்ல கால்சியமும் பாஸ்பேட்டும் பொதுவா நார்மலா இருக்கும், வளைவும் அப்பாவுக்கு இருக்கற மாதிரி பெரும்பாலும் ஒரு பக்கமாத்தான் வரும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்தும் இருக்கலாம், அதனால வைட்டமின் டி பார்க்காம ஊசி போடவே கூடாது.

எக்ஸ்ரே எடுக்கும்போது முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து தெரியற மாதிரி முழுக் கால் எலும்பையும் எடுக்கச் சொல்லுங்க. எலும்போட வெளிச்சுவர் தடிச்சு, எலும்பே அகலமாகி, உள்ளே கோடுகள் தடிதடியா இருக்கும். நோய் முன்னேறுற முனை புல்லோட நுனி மாதிரி கூரா இருக்கும். அந்தக் கூர் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகரும். வளைவோட வெளிப்புறத்துல, அதாவது முன்பக்கத் தோல் ஓரமா, குறுக்கே மெல்லிய கீறல்கள் இருக்கான்னு கவனிக்கணும். ஒரே புள்ளியில, கால் ஊனும்போது மட்டும் சுருக்குனு வலிச்சா, அந்தக் கீறல் முழு முறிவா மாறப்போகுதுன்னு அர்த்தம். ஊசிக்குக் காத்திருக்காம எலும்பு டாக்டர்கிட்ட போயிடணும். அப்பா ஆண், 71 வயசு. பிராஸ்டேட் புற்றுநோய் எலும்புல பரவினாலும் ஏ.எல்.பி. ஏறும், எக்ஸ்ரேல வெள்ளையா தெரியும். ஆனா பேஜட் மாதிரி எலும்பை அகலப்படுத்தறது அபூர்வம். பிராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துடுங்க. வேற எந்த எலும்புல இருக்குன்னு தெரிய ஒரு எலும்பு ஸ்கேன் போதும்.

இப்போ ஊசி. அது ஸோலெட்ரானிக் ஆசிட், 5 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை. புற்றுநோய்க்குப் பயன்படுத்தற 4 மில்லிகிராம் பாட்டிலும் மருந்துக்கடையில இருக்கும். எது வாங்கியிருக்கீங்கன்னு லேபிளைப் படிச்சுப் பாருங்க. 100 மில்லி டிரிப்பா, குறைஞ்சது 15 நிமிஷம் எடுத்து ஏத்தணும். சீக்கிரமா ஏத்தினா கிட்னியைப் பாதிக்கும். கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழே இருந்தா இந்த ஊசி வேண்டாம். பல்லு எடுக்க வேண்டியது இருந்தா ஊசிக்கு முன்னாடியே முடிச்சு, ஈறு ஆறட்டும்.

வைட்டமின் டி குறைவா இருந்தா முதல்ல அதை நிரப்பிட்டுத்தான் ஊசி. ஏன்னா, ஊசி கரைக்கிற செல்லைச் சட்டுனு நிறுத்திடும், ஆனா கட்டுற செல்கள் கையில எடுத்த வேலையை இன்னும் வாரக்கணக்குல செய்யும். கால்சியம் எலும்புக்குள்ள போகும், திரும்ப ரத்தத்துக்கு வராது. ஏ.எல்.பி. அதிகமா இருக்கறவங்களுக்கு இந்த இழுப்பு பலமா இருக்கும். உதடு, விரல் நுனி மரமரன்னு இருக்கும், கை விரல்கள் இழுத்துக்கும். அப்படி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் கால்சியம் பார்க்கணும். அதனாலதான் ஊசிக்கு அப்புறம் குறைஞ்சது பத்து நாளாவது கால்சியம் 500 மில்லிகிராம் காலை, மாலை ரெண்டு வேளை, கூட வைட்டமின் டி. முதல் மூணு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம், பாராசிட்டமால் போதும்.

ரெண்டு வாரத்துல ஏ.எல்.பி. பார்த்துட்டு "ஒண்ணுமே குறையலையே"ன்னு வருத்தப்படாதீங்க. இப்போ சொன்ன அதே காரணம்தான், கட்டுற செல்கள் அடங்க நேரம் எடுக்கும். மூணாவது மாசமும் ஆறாவது மாசமும் பாருங்க. இந்த ஊசியில ஆறு மாசத்துல 640 பெரும்பாலும் நார்மலுக்கே வந்துடும், அப்புறம் பல வருஷம் அங்கேயே நிக்கும். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். நம்பர் கொஞ்சம் ஏறிடுச்சுங்கற ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டாம். வலி இருக்கா இல்லையான்னு பார்க்காம நம்பரை மட்டும் துரத்தி மருந்து கொடுத்ததுல எலும்பு முறிவு குறையலைன்னு பிரிட்டன்ல நடந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கு.

ஊசி முடியாதுன்னா ரிசெட்ரோனேட் மாத்திரை இருக்கு, 30 மில்லிகிராம் தினமும், ரெண்டு மாசம். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு தடவை கொடுக்கற 35 மில்லிகிராம் மாத்திரையை இதுக்குக் கொடுத்தா அளவு பத்தாது. கிட்னி ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு இதுவும் ஆகாது.

ஊசிக்கு அப்புறம் ராத்திரி வலி போய், நடக்கும்போது முழங்கால் வலி மட்டும் மிச்சம் இருந்தா, அது வளைவால மூட்டு தேய்ஞ்ச வலி. அதுக்கு இன்னொரு ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை; பிசியோதெரபி, கால் குட்டையா இருந்தா செருப்புல உயரம், கடைசியா ஆபரேஷன். எலும்பை வெட்டி நேராக்கற ஆபரேஷன்னா, முன்கூட்டியே ஊசி போட்டு நோயை அடக்கி வெச்சா ரத்தம் அதிகமா போறது குறையும்னு சர்ஜன்கள் அப்படித்தான் திட்டமிடுவாங்க. எல்லாம் அடங்கி இருந்து, திடீர்னு ஒரே இடத்துல வலி நாளுக்கு நாள் கூடி, கட்டி மாதிரி வீங்கினா மட்டும் தாமதிக்காம எம்.ஆர்.ஐ. எடுங்க. பேஜட் எலும்புல சர்க்கோமாங்கற புற்றுநோய் வர்றது நூத்துல ஒருத்தருக்கும் குறைவு, ஆனா வந்தா வேகமா வளரும்.