விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சியில் முப்பது வருடங்களாக விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு இளைப்பாறியவன் நான். வானொலி நிலையத்தார் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஏசி இருக்கும் அறையில் மேலே தொங்கும் மின்விசிறியையும் போட்டால் மின்கட்டணம் குறையுமா என்பதுதான் விடயம். குறையும். ஆனால் ஒரு வேலையைச் செய்தால்தான் குறையும். அதைச் செய்யாவிட்டால் கூடும். கூடியதை நான் கண்ணால் கண்டேன்.

என் மருமகன், அக்காவின் மகன், வவுனியாவில் புது வீடு கட்டினார். படுக்கையறையில் பன்னிரண்டாயிரம் பீடியூ ஏசி ஒன்று பூட்டினார். ஒருநாள் கதையோடு கதையாக, "விசிறியையும் சேர்த்துப் போடுங்கோ, பில் குறையும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "மாமா, நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன். கூடியல்லவா வந்திருக்கிறது?" என்றார்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். அறைக்குள் போனால் ரிமோட்டில் 22. மேலே விசிறி ஐந்தாம் வேகத்தில் சுழல்கிறது. மருமகனும் மருமகளும் கழுத்துவரை தடித்த போர்வை. எனக்கு விளங்கிவிட்டது. நான் சொன்னதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். விசிறியைப் போடச் சொன்னேன், ரிமோட்டை உயர்த்தச் சொல்லவில்லை. பிழை என்னுடையது.

இதில் ஒரு சின்ன விஞ்ஞானம் இருக்கிறது. வகுப்பில் வருடா வருடம் ஒரு பரிசோதனை செய்து காட்டுவேன். சுவர் வெப்பமானி ஒன்றை எடுத்து, சுழலும் விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் தொங்கவிடுவேன். பிள்ளைகள் "இறங்கும் சேர், இறங்கும்" என்பார்கள். அரைப் பாகைகூட இறங்காது. பிறகு அதன் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிவிட்டு அதே இடத்தில் தொங்கவிடுவேன். இப்போது மளமளவென்று இறங்கும். எங்களுடைய உடம்பு அந்த ஈரத் துணி. வியர்வை காற்றில் உலரும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அம்மா பனையோலை விசிறியால் விசிறும்போது குளிர்ந்தது அறையல்ல, நாங்கள்.

ஆகவே, விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விசிறியின் மோட்டார் சூடாகிறது, அந்தச் சூடும் அறைக்குள்ளேயே விழுகிறது. ஏசி அதையும் சேர்த்து வெளியே தள்ள வேண்டும். ஆனால் காற்று படும் உடம்புக்கு 26 பாகை, சில பாகை குறைவாகத் தோன்றும். அந்தப் பாகைகளை ரிமோட்டில் ஏற்றிவிட்டால்தான் லாபம். ஏற்றாவிட்டால் ஏசி பழையபடி ஓடும், விசிறியின் செலவு அதன் தலைமேல் ஏறும்.

எவ்வளவு ஏற்ற வேண்டும்? அதைப் பார்க்க மருமகனும் நானும் ஒரு வாரம் மீட்டரைப் பார்த்தோம். அவர் வீட்டில் இருப்பது பழைய வட்டுச் சுழலும் மீட்டர். அதில் கடைசியில் இருக்கும் சிவப்பு எண் ஓர் அலகில் பத்தில் ஒன்று. இரவு பத்து மணிக்கு டோர்ச் அடித்து எழுதினோம், காலை ஆறு மணிக்கு மறுபடி எழுதினோம். முதலில் ஒரு இரவு ஏசியையும் விசிறியையும் நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியும் மற்றதுகளும் எவ்வளவு என்று பார்த்தோம். ஓர் அலகு. அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றக் கணக்கு.

22 இல், விசிறி இல்லாமல், ஏசி மட்டும் 5.2 அலகு. அதே 22 இல் விசிறியும் போட்டால் ஆறு அலகு. இதுதான் அவருக்குக் கூடி வந்த பில். பழைய விசிறி 75 வாற்று, எட்டு மணி நேரத்துக்கு 0.6 அலகு. அதன் சூட்டை வெளியேற்ற ஏசிக்குக் கிட்டத்தட்ட 0.2. கூட்டினால் 0.8.

ஒரு பாகை உயர்த்தினால் ஏசியின் செலவு ஏறக்குறைய ஆறு வீதம் குறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 5.2 இல் ஆறு வீதம் 0.3. கவனியுங்கள்: விசிறி 0.8 தின்னும், ஒரு பாகை 0.3 தான் தரும். ஆக 23 வைத்து விசிறியும் போடுகிறவர் நட்டத்தில் போகிறார். 24 வைத்தாலும் நட்டந்தான். 25 இல்தான் கணக்கு மெல்லப் புரள்கிறது. 26 இல் எங்களுக்கு வந்தது 4.7 அலகு. முதலில் இருந்த 5.2 ஓடு பார்த்தால் இரவுக்கு அரை அலகு மிச்சம். மாதத்துக்குப் பதினைந்து.

மருமகனுக்கு முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு பாடுபட்டுப் பதினைந்து அலகா மாமா?" என்றார். நியாயமான கேள்வி. பதில் மேலே தொங்கியது. 75 வாற்று விசிறியைக் கழற்றிவிட்டு, இப்போது கடைகளில் வரும் பிரஷ் இல்லாத மோட்டார் விசிறியை, அதாவது பீஎல்டீசீ என்று பெட்டியில் எழுதியிருக்குமே, அதைப் பூட்டினார். அது முழு வேகத்திலேயே முப்பது வாற்றுச் சொச்சந்தான். எட்டு மணி நேரத்துக்கு, சூட்டையும் சேர்த்து, ஏறக்குறைய 0.4 அலகு. இப்போது இரவுக்கு 4.3. மிச்சம் 0.9, மாதத்துக்கு இருபத்தேழு அலகு. எங்கள் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். மிச்சமாகிற அலகுகள் கழிவது மிக விலை கூடிய மேல் படியிலிருந்து. மாதம் 180 அலகைத் தாண்டி மேல் படிக்குப் போன வீட்டை அதற்குக் கீழே இறக்கும் இருபத்தேழு என்றால் அதன் பெறுமதி வேறு.

புது விசிறி வாங்க வசதியில்லாதவர்கள் ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள். பெரிய பழைய பெட்டி, குறைந்த வேகத்தில் வைத்து அரை மணித்தியாலத்தில் கை வைத்தால் சுடுகிறது என்றால், அது மின்சாரத்தைச் சூடாக்கி எரித்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது. அதில் இரண்டாம் வேகத்தில் வைத்தாலும் பெரிய மிச்சமில்லை. சின்ன இலத்திரனியல் ரெகுலேட்டரை மாற்றினால், குறைந்த வேகத்தில் செலவும் குறையும். மாற்றுவதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒரு பழைய கதை. இதைச் சொல்லாமல் என்னால் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. யுத்த காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை, மின்கலமும் கிடையாது. வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் உரசவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மெலிந்து அடங்கும். "சுத்தடா!" என்று ஒரு சத்தம் வரும். இப்போது இந்த உரையைக் கேட்கிற வயதானவர்கள் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த டைனமோ மூன்று வாற்று. மூன்றே மூன்று. ஒரு பழைய மின்விசிறியை ஓட்ட ஒரு திடகாத்திரமான ஆள் மூச்சுவாங்கச் சைக்கிள் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சின்ன ஏசி, கொம்பிரசர் ஓடும் நேரத்தில், ஏறக்குறைய ஆயிரத்து நூறு வாற்று எடுக்கும். பதினைந்து பேர் மிதிக்க வேண்டும். மருமகனுக்கு நான் எத்தனை வீதம் சொன்னாலும் ஏறவில்லை. பதினைந்து பேர் வெளியே மிதிக்க நீங்கள் உள்ளே போர்வையோடு படுத்திருக்கிறீர்கள் என்று சொன்னதும் ரிமோட்டை எடுத்தார்.

அந்தப் போர்வைக்கு வருகிறேன். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, தோலைத்தான் குளிர்விக்கிறது என்று சொன்னேன். தோல் மூடியிருந்தால்? தடித்த போர்வைக்குள் படுத்திருப்பவருக்கு மேலே சுழலும் விசிறி வெறும் சத்தந்தான். மெல்லிய பருத்தி விரிப்பு, கை கால் வெளியே. போர்வை தேவைப்படுகிறது என்றால் ரிமோட்டில் இன்னும் ஒரு பாகை ஏற்ற இடம் இருக்கிறது என்று பொருள்.

போர்வையை விடப் பெரிய தடை நுளம்பு வலை. எங்கள் பகுதியில் வலை இல்லாமல் படுத்துப் பழக்கமில்லை. மலேரியா எங்களை ஆட்டிய ஆட்டம் அப்படி. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, ஆனாலும் நுளம்பு நுளம்புதானே, வலையை எறியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நெருக்கமாகப் பின்னிய வலை விசிறிக் காற்றில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். சோதிப்பது சுலபம்: வலைக்குள் படுத்துக்கொண்டு நனைத்த கையை மேலே பிடியுங்கள். குளிரவில்லையென்றால் காற்று வரவில்லை. ஏசிக்காக யன்னல்களை எப்படியும் பூட்டுகிறோம். அந்த அறையின் யன்னலுக்கும் வாசலுக்கும் கம்பி வலை அடித்து, உள்ளே இருக்கிற நுளம்பை மாலையிலேயே விரட்டிவிட்டால், கட்டில் வலையைத் தூக்கிவிடலாம். முடியாதவர்கள் கண் பெரிய வலைக்கு மாறலாம். அதுவும் இல்லையென்றால், 26 இல் புழுங்கும், நீங்கள் மறுபடி 22 க்குப் போவீர்கள், விசிறிச் செலவு மட்டும் மிஞ்சும்.

மாரியில் வேறு பிரச்சினை. கார்த்திகை, மார்கழியில் மழைக் காற்றில் ஈரப்பதன் கூட. வெளியே சூடு குறைவு என்பதால் 26 வைத்த ஏசி அதிகம் ஓடாது, ஓடாததால் ஈரத்தையும் எடுக்காது. அறை பிசுபிசுக்கும். அப்போது ஒரு பாகை இறக்குங்கள், அல்லது ஏசியை நிறுத்திவிட்டு விசிறியோடு மட்டும் படுங்கள். வாடைக் காற்று வீசும் இரவில் ஏசி எதற்கு?

மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்: விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. ஆகவே அறையை விட்டு வெளியேறும்போது விசிறியை நிறுத்துங்கள். ஆளில்லா அறையில் அது சூடாக்கும் இயந்திரம்.

கண்ணாடிக்கு அப்பால் நிலையப் பொறுப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். கூரையைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன், அதற்கு நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சீலிங் அடிக்காத தகரக் கூரை, அஸ்பெஸ்டஸ் கூரை வீடுகளில், பகல் முழுதும் சூடேறிய காற்று மேலே திரண்டு நிற்கும். மாலையில் ஏசியையும் விசிறியையும் ஒன்றாகப் போட்டால் விசிறி அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். அந்த வீடுகளில் சீலிங் அடித்துவிட்டுத்தான் ஏசியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏசியின் வடிதட்டைக் கழுவும் முறையையும், இன்வேட்டர் ஏசியின் கணக்கையும் எழுதிக்கொண்டு வந்திருந்தேன், தாள் கையிலேயே இருக்கிறது. ஒரு விரல் காட்டுகிறார். வணக்கம்.