04/05/2024: ஏப்ரலா, மே மாதமா? ஸ்கேன் செய்த பில்களில் தேதியைச் சரிப்படுத்துவது

[திரையில்: மூன்று பில்கள், தேதி இருக்கும் மூலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது]

வணக்கம். டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு மளிகைக் கடை. அதன் பில்களையெல்லாம் ஸ்கேன் செய்து, தேதி, தொகை, வாட் மூன்றையும் ஒரு சிறிய நிரல் எடுத்துக் கொடுக்கிறது. தொகையில் பெரிய தகராறு வருவதில்லை. தேதியில்தான் வருகிறது.

மசாலா மொத்த வியாபாரியின் பில்லில் 13/05/2024. குளிர்பெட்டி பழுதுபார்ப்பவரின் பில்லில் 2024/05/04. பை, டப்பா கொடுக்கும் சப்ளையரின் பில்லில் 04/05/2024. மூவரும் தென்னாப்பிரிக்காவில்தான் கடை வைத்திருக்கிறார்கள். கையால் எழுதும்போது இங்கே நாளை முதலில் போடுவது பழைய பிரிட்டிஷ் வழக்கம். விண்டோஸில் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டு முதலில் வருகிறது. அமெரிக்காவில் எழுதிய கணக்கு மென்பொருளை வாங்கி, அமைப்பை மாற்றாமல் அப்படியே ஓட்டினால் மாதம் முதலில் வரும்.

இதில் 13/05/2024 நமக்குத் தொல்லை தராது, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே. தொல்லை 1 முதல் 12 வரையுள்ள நாள்களில். மாதத்துக்கு 12 என்றால் ஆண்டுக்கு 144. அதில் 05/05 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாக வருபவை 12. மீதி 132 நாள்கள், ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், இரண்டு விதமாகப் படிக்கக் கூடியவை.

[திரையில்: பைதான் சாளரம்]

பலர் இங்கே பைதானின் `dateutil` நூலகத்திடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறார்கள். அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

```python
from dateutil.parser import parse

parse("13/05/2024")                 # 2024-05-13
parse("04/05/2024")                 # 2024-04-05
parse("2024/05/04", dayfirst=True)  # 2024-04-05
```

முதல் வரி சரி. மாதம் முதலில் என்றே அது எடுத்துக்கொள்ளும், ஆனால் 13 மாதமாக முடியாது என்றதும் சத்தமில்லாமல் மாற்றிப் படித்துவிடுகிறது. இரண்டாவது வரியில் அந்தத் தடை இல்லை, அதனால் ஏப்ரல் 5. நாளை முதலில் எழுதும் ஒரே சப்ளையரின் பில்களில் 12ஆம் தேதிக்குப் பிந்தியவை நேராகவும் மற்றவை தலைகீழாகவும் வந்து நிற்கும். சரி, `dayfirst=True` கொடுத்தால் தீர்ந்ததா? மூன்றாவது வரியைப் பாருங்கள். ஆண்டு முன்னால் தெளிவாக நிற்கிறது, ஆனாலும் மே 4 ஏப்ரல் 5 ஆகிவிட்டது. ஆண்டை முதலில் எழுதும் நாட்டில் இந்த ஒரு வரி போதும், கணக்கு குட்டிச்சுவராக.

எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் மோசம். எடுத்த தேதிகளை சப்ளையர் வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். 12க்கு மேற்பட்ட நாள்கள் உண்மையான மாதங்களில் கூட்டமாக நிற்க, மற்றவை ஜனவரி முதல் டிசம்பர் வரை சிதறிக் கிடந்தால், வேலை கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேன் செய்த நாளுக்குப் பிந்திய பில் தேதி வந்தாலும் அப்படித்தான்.

எனவே நிரலை ஊகிக்க விடக் கூடாது. ஒரு தேதியை எத்தனை விதமாகப் படிக்க முடியுமோ, அத்தனையையும் கேட்டு வாங்குவோம்.

```python
from datetime import datetime

FORMATS = ["%Y/%m/%d", "%d/%m/%Y", "%m/%d/%Y"]

def readings(text):
    found = set()
    for f in FORMATS:
        try:
            found.add(datetime.strptime(text, f).date())
        except ValueError:
            pass
    return found
```

`strptime` கறாரான ஆள். சொன்ன வடிவத்தில் பொருந்தாவிட்டால் மறுத்துவிடும், தானாக எதையும் புரட்டாது. ஒரே விடை வந்தால் முடிந்தது. இரண்டு வந்தால் சாட்சி தேட வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் எழுத்துணரியின் கோளாறாக இருக்கலாம். சாய்கோட்டை 1 என்று படித்து `0410512024` என்று கொடுப்பது அடிக்கடி நடக்கும். அந்த பில்லை ஒதுக்கி வையுங்கள்.

[திரையில்: டப்பா சப்ளையரின் பில், கீழ்ப்பகுதி]

இனி நம் டப்பா பில். தேதி 04/05/2024. அதே தாளில் கீழே கட்டவேண்டிய நாள் 05/05/2024, பக்கத்தில் 30 நாள் தவணை என்று அச்சாகியிருக்கிறது. நாள் முதலில் என்றால் மே 4 பில்லுக்கு மே 5 கெடு, ஒரே நாள். மாதம் முதலில் என்றால் ஏப்ரல் 5 பில்லுக்கு மே 5 கெடு, எண்ணிப் பார்த்தால் சரியாக 30 நாள். ஆக இது ஏப்ரல் 5.

இதனால் என்ன ஆகிவிடும்? வாட் சேர்த்து பில் தொகை 4,600 ரேண்ட், அதில் 15 சதவீத வாட் 600 ரேண்ட். கடை பி பிரிவில் வாட் கணக்கு கொடுக்கிறது, அதாவது மார்ச்–ஏப்ரல் ஒரு காலம், மே–ஜூன் அடுத்த காலம். மே 4 என்று படித்தால் அந்த 600 அடுத்த கணக்குக்குப் போய்விடும். பின்னால் கோரலாம் என்பதால் பணம் போய்விடாது, தாமதம்தான். குளிர்பெட்டி பில்லின் கதை வேறு. அங்கே மே 4 ஏப்ரல் 5 ஆனால், இன்னும் எழுதப்படாத பில்லுக்கு வரியைக் கோரியதாக ஆகிவிடும். தணிக்கையில் அதற்கு என்ன பதில் சொல்வது?

எல்லா பில்லிலும் கெடு நாள் இருக்காது. அப்போது அதே சப்ளையரின் மற்ற பில்களைப் பார்க்க வேண்டும். வாட் பதிவு எண்ணை வைத்துச் சேருங்கள், அது 4இல் தொடங்கும் பத்து இலக்கம். கடைப் பெயரை ஸ்கேன் தினுசு தினுசாகப் படித்துவைக்கும். அந்தக் கட்டில் எங்காவது 05/21/2024 போல ஒன்று இருந்தால், அவர் மாதத்தை முதலில் போடுபவர் என்று தெரிந்துவிடும். ஆனால் அதை நிரந்தரம் என்று எழுதிவைக்காதீர்கள். சப்ளையர் மென்பொருளை மாற்றினால் வழக்கமும் மாறும். பின்னால் 21/08/2024 என்று ஒன்று வந்தால், அதற்கும் கடைசியாக உறுதியான பில்லுக்கும் இடையில் உள்ளவற்றை மறுபடி பார்க்க வேண்டும்.

மாத வாடகை பில்லில் இந்த உத்தி பலிக்காது, எப்போதும் ஒன்றாம் தேதிதான். 01/04, 01/05, 01/06. இதை மாதம் முதலில் என்று படித்தால் ஜனவரி 4, 5, 6 என்று மூன்று நாள் அடுத்தடுத்து வாடகை கேட்டதாக வரும். யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

[திரையில்: வெளிறிய டில் சீட்டு]

இரண்டு இலக்க ஆண்டு இன்னும் சங்கடம். 25/03/24 என்றால் 2025 மார்ச் 24 ஆகலாம், 2024 மார்ச் 25உம் ஆகலாம். கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வித்தியாசம், இரண்டுமே நம்பும்படி இருக்கின்றன. 2024இல் ஸ்கேன் செய்ததென்றால் முதல் வாசிப்பு தானே விழுந்துவிடும். இல்லாவிட்டால் பில் எண்தான் துணை. அதே கடையின் தேதி உறுதியான இரு பில்களின் எண்களுக்கு இடையில் இது எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

அப்புறம், கேப் பக்கத்து பில்களில் ஆஃப்ரிகான்ஸ் மாதப் பெயர்கள் வரும்: `Mrt`, `Mei`, `Okt`, `Des`. ஒரு சிறிய பட்டியல் கொடுத்தால் போதும்.

[திரையில்: முடிவு அட்டவணை]

அட்டவணையில் ஒவ்வொரு பில்லுக்கும் தாளில் இருந்த எழுத்து அப்படியே ஒரு பத்தி, `2024-04-05` வடிவில் முடிவான தேதி ஒரு பத்தி, எந்தச் சாட்சியால் முடிவானது என்பது ஒரு பத்தி. சாட்சி கிடைக்காதவற்றில் தேதிப் பத்தியைக் காலியாக விட்டு, இரண்டு வாசிப்பையும் பில் படத்தின் அந்த மூலையையும் கணக்கு எழுதுபவருக்கு அனுப்புங்கள். எக்செலுக்குப் போகும்போதும் ஆண்டு–மாதம்–நாள் வரிசையிலேயே போகட்டும். சாய்கோட்டுடன் `04/05/2024` என்று அனுப்பினால், திறக்கும் கணினியின் அமைப்பைப் பொறுத்து அது மறுபடியும் புரண்டுவிடும்.