58-க்கு முன்னாடியே பி.எஃப். பென்ஷன் வாங்கினா எவ்வளவு குறையும்?

[திரையில்: 58 வயது – முழு பென்ஷன். 50 வயது முதல் – குறைக்கப்பட்ட பென்ஷன்.]

வணக்கம். தனியார் வேலையில பி.எஃப். பிடிச்சவங்களுக்கு 1995 ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துல முழு பென்ஷன் கிடைக்கிற வயசு 58. பத்து வருஷ சர்வீஸ் இருந்து, வேலையை விட்டுட்டீங்கன்னா 50 வயசுலேருந்தே பென்ஷன் கேட்கலாம். ஆனா 58-க்கு எத்தனை வருஷம் பாக்கி இருக்கோ, வருஷத்துக்கு 4 சதவீதம் குறைச்சுத்தான் தருவாங்க. 2008 செப்டம்பர் வரைக்கும் இது 3 சதவீதமா இருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில தையல் வேலை பார்த்த ஒரு அக்கான்னு வச்சுக்குவோம். 2015-ல சேர்ந்து பத்து வருஷம் வேலை பார்த்தாங்க. இப்ப வயசு 53, வேலையை விட்டுட்டாங்க. கடைசி 60 மாசத்துச் சம்பளத்தோட சராசரி 14,000 ரூபாய்.

[திரையில்: 14,000 × 10 ÷ 70 = 2,000]

சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும். 58-ல வாங்கினா மாசம் 2,000. இப்பவே கேட்டா அஞ்சு வருஷத்துக்கு 20 சதவீதம் போய், சுமார் 1,600. (2014 செப்டம்பருக்கு முன்னாடி சர்வீஸ் இருக்கிறவங்களுக்கு அந்தக் காலத்தை 6,500 ரூபாய் உச்சவரம்பு வச்சு தனியா கணக்குப் பண்ணுவாங்க. இவங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

இங்கதான் நிறைய பேர் தப்பா நினைச்சுக்கிறாங்க. 58 வயசு ஆனதும் 2,000-க்கு ஏத்திடுவாங்கன்னு காத்திருக்காங்க. ஏத்த மாட்டாங்க. 53-ல வாங்க ஆரம்பிச்ச 1,600, கடைசி வரைக்கும் 1,600-தான். இந்த பென்ஷனுக்கு அகவிலைப்படியும் கிடையாது.

அப்படின்னா முன்கூட்டி வாங்கறது நஷ்டமா? அவசரப்பட்டு ஆமான்னு சொல்லிட முடியாது. 58 வரைக்கும் 60 மாசம், மாசம் 1,600 வீதம் 96,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். அதுக்கப்புறம் மாசம் 400 குறையுது. 96,000-ஐ 400-ஆல வகுத்தா 240 மாசம், அதாவது 20 வருஷம். 78 வயசு வரைக்கும் முன்னாடி வாங்கினவங்க கைதான் மேல இருக்கும். அதனால இனிமே வேலைக்குப் போகவே முடியாது, உடம்பு ஒத்துழைக்கலை, வேற வருமானமும் இல்லைன்னா, இந்தக் குறைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லைன்னுதான் நான் சொல்வேன்.

[திரையில்: 14,000 × 15 ÷ 70 = 3,000]

பெரிய இழப்பு வேற இடத்துல இருக்கு. அதே அக்கா ஆறு மாசம் கழிச்சு இன்னொரு கம்பெனியில சேர்றாங்கன்னு வைங்க. பென்ஷன் வாங்க ஆரம்பிச்சிருந்தா, பென்ஷன் திட்டத்துல அவங்க உறுப்பினர் இல்லை. புது வேலையோட சர்வீஸ் இதுல சேராது. பென்ஷன் கேட்காம இருந்து, 58-க்குள்ள மொத்தம் 15 வருஷ சர்வீஸ் ஆகியிருந்தா, அதே சம்பளத்துக்கே மாசம் 3,000 வந்திருக்கும். கிட்டத்தட்ட ரெட்டிப்பு! 4 சதவீதத்தைப் பத்தி எல்லாரும் பேசுறோம், விட்டுப்போன சர்வீஸைப் பத்தி யாரும் பேசுறதில்லை. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

அதனால மறுபடி வேலைக்குப் போகக் கொஞ்சமாவது வாய்ப்பு இருந்தா, பென்ஷன் கேட்காதீங்க. 10சி படிவம் கொடுத்து ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கோங்க. உங்க பழைய சர்வீஸ் அதுல பத்திரமா இருக்கும், அடுத்த வேலையில சேர்த்துக்கலாம்.

“காத்திருக்கும்போதே எனக்கு ஏதாவது ஆயிட்டா?”ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பத்து வருஷ சர்வீஸ் முடிச்சவங்க பென்ஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இறந்துட்டா, வாழ்க்கைத் துணைக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. பணம் அப்படியே போயிடாது.

அப்படியும் முன்கூட்டித்தான் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, 10டி படிவத்துல ரெண்டு இடத்தைக் கவனமா நிரப்புங்க. எந்த வகை பென்ஷன்னு கேட்கிற இடத்துல குறைக்கப்பட்ட பென்ஷன்னு குறிக்கணும். எந்தத் தேதியிலேருந்து வேணும்னும் கேட்டிருப்பாங்க. அந்தத் தேதியை வச்சுத்தான் உங்க வயசையும், 58-க்கு எவ்வளவு பாக்கின்னும் பார்ப்பாங்க. 57-ஐ நெருங்கிட்டவங்க, கொஞ்ச மாசம் தள்ளிக் கேட்டா எவ்வளவு மிச்சமாகும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுட்டு தேதியை எழுதுங்க.

படிவம் கொடுக்கிறதுக்கு முன்னாடி யு.ஏ.என். கணக்குல இருக்கிற பிறந்த தேதியையும் ஆதார்ல இருக்கிறதையும் ஒப்பிட்டுப் பாருங்க. பதிவுல ஒரு வயசு குறைச்சலா இருந்தா, அதுக்கும் 4 சதவீதம் பிடிப்பாங்க. தப்பு இருந்தா முதல்ல அதைத் திருத்துங்க, அப்புறம் விண்ணப்பம் போடுங்க.