கிளி தள்ளிவிட்ட சீட்டை யார் படித்தார்கள்?

“பலன் பார்க்கும் டாரட் சீட்டுக் கட்டைக் கலைக்கும்போது ஒரு சீட்டு மட்டும் துள்ளி வெளியே விழுந்தால், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா?” — நடுவர்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். வேண்டாம் என்ற அணிக்காக நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசி முடித்து அமரும் நேரத்தில் ஒரு கேள்வியை வீசிவிட்டு அமர்ந்தார். “கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டை மட்டும் பயபக்தியோடு படிக்கிறீர்கள், கட்டே எடுத்துக் கொடுக்கும் சீட்டைக் கண்டால் ஏன் கசக்கிறது?” என்றார். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் வேறெதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

திருவிழாக் கூட்டத்தில் கிளி ஜோசியருக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் இந்தப் பந்தலில் நிறையப் பேர் இருப்பீர்கள். நாம் பெயரைச் சொல்கிறோம். அவர் கூண்டைத் திறந்து கிளியை அழைக்கிறார். கிளி வெளியே வந்து, வரிசையாக அடுக்கியிருக்கும் சீட்டுகளில் ஒன்றை அலகால் கவ்வுகிறது, ஒதுக்குகிறது. இன்னொன்றைக் கவ்வுகிறது, அதையும் ஒதுக்குகிறது. இப்படிச் சிலவற்றைத் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் போடுகிறது. அவர் ஒரு நெல்மணியைக் கொடுத்துக் கிளியைக் கூண்டுக்குள் அனுப்பிவிட்டு அந்த ஒரு சீட்டைப் பிரிக்கிறார். தலைவர் அவர்களே, வழியில் தள்ளிவிட்ட சீட்டுகளும் கிளி அலகால் எடுத்தவைதானே? அவற்றை எந்த ஜோசியராவது பிரித்துப் படித்து நீங்கள் பார்த்ததுண்டா? இல்லை. எது எடுத்த சீட்டு, எது வழியில் விழுந்த சீட்டு என்பது கிளி கூண்டைவிட்டு வருவதற்கு முன்பே அங்கே முடிவாகிவிட்டது. கேட்பவருக்கும் அது தெரியும், சொல்பவருக்கும் தெரியும். நீங்கள் எங்களை மடக்கக் கொண்டுவந்த கிளி எங்கள் அணிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

டாரட்டிலும் முறை அதுதான். நம் ஊரில் பலர் கையில் இருப்பது 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டின் வழிவந்தது. படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித், வரையச் சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். அந்த வெயிட், பத்துச் சீட்டு பரப்பும் முறையை விளக்கும்போது, கட்டைக் கலைத்து மூன்று முறை வெட்ட வேண்டும், சீட்டுகளின் முகம் கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்கிறார். கலைத்து வெட்டிய பிறகுதான் முதல் சீட்டு. கலைக்கும் நேரம், கேள்வி இன்னும் கட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும் நேரம்.

எதிரணியில் பேசிய ஓய்வுபெற்ற நடத்துநர் அண்ணன், தாம் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிய நாட்களைப் பற்றிச் சொன்னார். சீட்டுப் போடும்போது ஒரு சீட்டின் முகம் தெரிந்துவிட்டால் ஆட்டக்காரர்கள் சத்தம் போடுவார்கள் என்றும், எல்லாவற்றையும் வாங்கி மறுபடி கலைத்துப் போடுவோம் என்றும் சொன்னார். நாம் விவாதிப்பது ஆட்டத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் அண்ணன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. முகம் தெரிந்த பிறகு “இது கணக்கு” என்றோ “இது கணக்கில்லை” என்றோ முடிவெடுக்கும் உரிமையை எந்தக் கைக்கும் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் மறுபடி கலைத்தார்கள். நல்ல சீட்டான சூரியன் விழுந்தால் சேர்த்துக்கொள்வதும், கெட்ட சீட்டான இடிவிழும் கோபுரம் விழுந்தால் கை தவறியது என்பதும் நம்மிடையே நடக்கிறது. அப்போது பலன் சொல்வது கட்டு அல்ல, படிப்பவரின் விருப்பம்.

பொறியியல் படித்த தம்பி ஒருவர், டாரட் கட்டின் 78 சீட்டில் எது விழவும் சமமான வாய்ப்புதான், ஆகவே விழுந்ததும் எடுத்ததும் ஒன்று என்று வாதிட்டார். பாதி சரி. 78 சீட்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அவை ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதற்கு இந்தப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வேலந்தாவளம் சாலைப் பக்கம் சீட்டு பார்க்கும் ஒரு பெண்மணி. நல்லவர், காசுக்குப் பறக்காதவர். மார்கழியில் ஒருநாள் ஒரு தாய் வந்து உட்கார்ந்தார். மகளுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, வளையலை அடகு வைத்துக் கட்டலாமா என்பது கேள்வி. அந்த அம்மாள் கேள்வியைச் சொல்லி முடிக்கவில்லை. கலைத்துக்கொண்டிருந்த கையிலிருந்து ஒரு சீட்டு எகிறி, மேசையில் பட்டு, அந்தத் தாயின் மடிக்கு அருகே முகம் மேலே தெரிய விழுந்தது. கறுப்புக் கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரைமேல் வருகிறது, கையில் வெள்ளை ரோஜா வரைந்த கொடி. பதின்மூன்றாம் சீட்டு, மரணம்.

படிப்பவருக்கு அதன் பொருள் தெரியும். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதைத்தான் பெரும்பாலும் அது சொல்லும். படத்தின் ஓரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருப்பதையும் அவர் காட்டியிருக்கலாம். ஆனால் தானாக விழுந்த சீட்டுக்கு வலு அதிகம் என்று அவர் கற்றிருந்தார். “கட்டு அவசரமாக எதையோ சொல்லுது, இப்ப எதுவும் தொடங்க வேண்டாம்” என்றார். அந்தத் தாய் எழுந்து போனார். வளையல் பெட்டிக்குள் போனது. பணம் கட்டும் கடைசித் தேதியும் போனது.

அடுத்த வாரம் ஒருவர் தென்னந்தோப்புக் குத்தகை கேட்டு வந்தார். கலைத்தார்கள், அதே குதிரை விழுந்தது. பொங்கலுக்கு முன்னால் கல்யாணப் பேச்சு பற்றிக் கேட்க ஒரு பெண் வந்தார், அதே குதிரை. ஊருக்குள் பேச்சு கிளம்பியது. அந்த வீட்டுக் கட்டில் எமன் குடியிருக்கிறான் என்றார்கள். சிலர் பயந்து போகாமல் நின்றார்கள், சிலர் அதற்காகவே போனார்கள்.

அப்போதுதான் அவருக்குச் சீட்டு கற்றுத் தந்த சித்தூர் சேச்சி வந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. கட்டை வாங்கி, நான்கு ஓரமும் தட்டிச் சீராக்கி, மேசைமேல் நிறுத்தி, கண் மட்டத்துக்குக் குனிந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தார். கட்டின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் கோடுபோல வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் நகத்தை நுழைத்துப் பிரித்தார். மரணம். அதன் ஒரு மூலை நகத்தின் கனத்துக்கு மேல்நோக்கி மடங்கியிருந்தது. இறுக்கமான அட்டைப்பெட்டிக்குள் திணித்தபோது மூடியின் மடிப்பு அதன்மேல் குத்தி வளைத்திருக்கிறது.

பிறகு சேச்சி மெதுவாகக் கலைத்துக் காட்டினார். டாரட் சீட்டு ரம்மிச் சீட்டைவிட நீளமும் அகலமும் கூடியது, கைக்குள் முழுதாக அடங்காது. கட்டை இடது கையில் பிடித்து வலது கையால் கத்தை கத்தையாக எடுத்துப் போடும்போது, சீட்டுகளுக்கு நடுவே இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கத்தை பிரியும். வளைந்த சீட்டு இருக்குமிடத்தில்தான் இடைவெளி. ஆகவே அது பெரும்பாலும் கத்தையின் ஓரத்துக்கே வருகிறது, தூக்கி நிற்கும் மூலை உள்ளங்கையில் தட்டுகிறது, விசையோடு வெளியே போகிறது. விழும்போது மூலை தரையில் அடிபட்டு இன்னும் கொஞ்சம் வளைகிறது. அடுத்த முறை இன்னும் எளிதாக விழுகிறது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட கிழக்குக் காற்றில் சீட்டுகள் காய்ந்து சுருள்வது வேறு. வளையாத சீட்டும் விழும், கை ஈரத்தில் ஒட்டி இழுபட்டும் விழும். விழுவதெல்லாம் வளைவினால்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரே சீட்டு திரும்பத் திரும்ப விழுந்தால், பலன் பார்ப்பதற்கு முன் கட்டைக் கண் மட்டத்தில் நிறுத்தி ஓரத்தைப் பாருங்கள் என்கிறேன்.

எதிரணியில் பேசிய மூத்த அம்மா, விழுந்ததைத் திரும்பச் சொருகிக் கலைத்தாலும் சொல்ல வேண்டிய சீட்டு பரப்பில் மறுபடி வந்தே தீரும், தாம் பலமுறை கண்டிருக்கிறேன் என்றார். அவர் கண்டது உண்மை. 78-ல் பத்தைப் பரப்பினால் எந்த ஒரு சீட்டும் ஏறக்குறைய எட்டு முறைக்கு ஒரு முறை தானாகவே வரும். மூன்றே சீட்டு பரப்பினால் 26 முறைக்கு ஒரு முறை. வராத ஏழு முறையை நாம் மறந்துவிடுகிறோம், வந்த ஒரு முறை நெஞ்சில் நிற்கிறது. அம்மாவிடம் எனக்கு மரியாதை உண்டு. திரும்பச் சொருகுகிறார் என்பதால் பாதிவழி எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்றும் நினைக்கிறேன்.

அவர் கேட்ட இன்னொன்றுக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. “விழுந்தால் கணக்கு” என்று கலைக்கத் தொடங்கும் முன்பே சொல்லி, கேட்பவரும் சம்மதித்துவிட்டால் என்ன தடை என்றார். அது கிளியின் ஒழுங்குக்கு அருகில் வருகிறது. சீட்டுகள் சீராக இருந்தால் அதை நான் முறைகேடு என்று சொல்ல மாட்டேன். நடுவர் அதை எடைபோடட்டும்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். கேட்க வருகிறவர் யார்? வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவர். படிப்பவர் குனிந்து எடுப்பதற்குள் விழுந்த சீட்டை அவர் கண் பார்த்துவிடுகிறது. எலும்புக்கூட்டைப் பார்த்தபின் கொடியில் இருக்கும் ரோஜாவை யார் பார்ப்பார்கள்? பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முடியாது என்று எதிரணி சொல்லும். முடியாதுதான். அதனால்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்: “அக்கா, இது உங்கள் கேள்விக்கு வந்த சீட்டு இல்லை. என் கையிலிருந்து நழுவினது. நீங்கள் இன்னும் கேட்டே முடிக்கவில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்.” பிறகு சீட்டை உள்ளே வைத்து முதலிலிருந்து கலைத்து, அவர் கையாலேயே மூன்று முறை வெட்டச் சொல்ல வேண்டும்.

அன்று இந்த வார்த்தைகளை யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெண் இன்று வெள்ளை உடுப்போடு ஏதாவது ஒரு வார்டில் நின்றிருப்பாள். கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோன அந்தத் தாயின் பெயரால் கேட்கிறேன், நடுவர் அவர்களே: அவர் கேட்டு முடிக்கும்வரை எந்தச் சீட்டும் கணக்கில் வரக்கூடாது என்று தீர்ப்பு எழுதுங்கள். வணக்கம்.