தனிமரம் தோப்பாகாது
(பாலக்கோட்டில், மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கான வழியனுப்பு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரை தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, நிலக்கடலை அறுவடையைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த ஐயா அவர்களே, செப்டம்பரில் விமானம் ஏறப்போகும் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தனிமரம் தோப்பாகாது. மாந்தோப்பு நிறைந்த நம் சீமையில் இதை விளக்க வேண்டியதில்லை. போன இடத்தில் தனிமரமாக நிற்காமல் இருக்க இரண்டு பழக்கங்கள் சொல்கிறேன். ஒன்று போன் பேசும் நேரம், இரண்டு அடுப்பு.

என் தங்கை மகன் முதுகலை படிக்க ஜெர்மனி போனான். அக்டோபரில் வகுப்பு தொடங்கியது. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் அன்றிலிருந்து நாலரை மணி நேரம் ஆகிவிடும். என் தங்கை விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, பால் கறந்துகொண்டே மகனோடு பேசுவாள். அங்கே அப்போது நள்ளிரவு 12:30. அம்மா முடித்ததும் பாட்டி, பாட்டி முடித்ததும் பக்கத்து வீட்டு அத்தை. அவன் படுக்க 2 மணி ஆகும், எழுந்திருக்க 11 மணி ஆகும். டிசம்பரில் அங்கே காலை 8 மணிக்கு மேல்தான் வெளிச்சம் வரும், மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பிள்ளை வெயில் முகம் பார்த்தே பல நாளாகிவிட்டது. 8 மணி வகுப்பு தவறியது. வகுப்புக்குப் போகாததால் பேச ஆளில்லை. ஆளில்லாததால் இன்னும் அதிகமாக வீட்டுக்குப் போன். "மாமா, பேசி வெச்சதுக்கு அப்புறம் வர்ற அரை மணி நேரம்தான் தாங்க முடியல"ன்னு என்னிடம் சொன்னான்.

அந்த அரை மணி நேரத்தைத்தான் பிடித்தோம். பேச்சை அங்கே மாலை 4:30க்கு, நமக்கு இரவு 9 மணிக்கு மாற்றினோம். 20 நிமிடம், அவ்வளவுதான். 5 மணிக்கு அவன் விடுதியின் பொதுச் சமையலறையில் நிற்க வேண்டும். போனை வைத்ததும் மனித முகம் இருக்கிற இடத்துக்குப் போவதுதான் இதில் முக்கியம். என் தங்கை முதல் வாரம் அழுதாள், உண்மை. ஆனால் நடுராத்திரிப் பேச்சு நின்றதும் அவன் தூக்கம் திரும்பியது.

சரி, சமையலறையில் என்ன செய்வான்? அவன் பெட்டியில் நான் போட்டுவிட்ட கேழ்வரகு மாவு இருந்தது. (நெய் வைக்காதீர்கள், பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை.) ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். உப்புப் போட்டுக் கொதித்ததும் மாவைக் கொட்டி, கிளறாமல் மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம். பிறகு கட்டி உடையக் கிளற வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். களிக்கோல் இல்லாமல் மரக்கரண்டியால் கிளறியிருக்கிறான். முதல் ஞாயிறு கட்டி கட்டியாக வந்தது. இரண்டாம் ஞாயிறு உருண்டை பிடித்தான். அப்போது கென்யாவிலிருந்து வந்த பையன் எட்டிப்பார்த்து, "உகாலியா?" என்று கேட்டானாம். அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவில் கிளறுவது உகாலி; கேழ்வரகுக் கூழும் குடிப்பார்கள். கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில்தானே! இரண்டு பேரும் கையால் பிட்டுச் சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பையன் கிளறினான், இவன் கீரை கடைந்தான். தனிமரம் தோப்பாகாது, ஒரு களிச்சட்டி போதும், தோப்பு தொடங்கிவிடும்.

இதனால்தான் மேடை கிடைத்த இடமெல்லாம் கேழ்வரகைப் பேசுகிறேன். 2023இல் நீலகிரியோடு நம் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். விடுதிகளில் வாரம் ஒரு நாள் களி போட வேண்டும் என்ற என் மனுவில் தலைவர் அவர்கள் இன்று கையெழுத்திட்டிருக்கிறார், நன்றி.

பெற்றோருக்கு ஒன்று. களியும் கீரையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகவில்லை என்றால் அது வெறும் ஊர் ஏக்கம் இல்லை. ஜெர்மனியில் விடுதியையும் மென்சா உணவகத்தையும் நடத்தும் 'ஸ்டுடீரெண்டென்வெர்க்' அமைப்பிலேயே மனநல ஆலோசனை உண்டு. அங்கே போகச் சொல்லுங்கள். "தைரியமா இரு" என்று மட்டும் சொல்லி போனை வைக்காதீர்கள்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் பார்க்கிறார். மண்டபத்தின் பின்பக்கம் அடுப்பு மூட்டியிருக்கிறோம். மூன்று களிக்கோல் இருக்கிறது. செப்டம்பரில் கிளம்புகிற பிள்ளைகள் முதலில் வாருங்கள். இன்று கிளறப்போவது நீங்கள்தான். அம்மாக்கள் தள்ளி நின்று பாருங்கள்.